முகம் சிவக்காத படம்

அன்புள்ள தம்பி,

பதவி உயர்வு விருந்துப் படங்களை அப்பா பினாங்கு முழுக்கக் காட்டிவிட்டார். அம்மாவுக்கு ஒரு போன் போடத்தான் டோக்கியோவில் உனக்கு நேரமில்லை. போகட்டும். சாப்பாட்டை மட்டும் விடாதே.

படத்தில் உன் கையில் பீர் கிளாஸ் இருக்கிறது, முகம் சிவக்கவில்லை. படிக்கிற காலத்தில் அரை கிளாஸுக்கே காதுமடல் வரை சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்த பிள்ளை நீ. தீபாவளிக்கு வந்தபோது உன் பையில் ஃபாமோடிடின் அட்டை இருந்தது. வயிற்றெரிச்சலுக்கு என்றாய். நானும் நம்பினேன்.

உடம்பு சாராயத்தை முதலில் அசெட்டால்டிஹைடு என்கிற நஞ்சாக மாற்றும். அதைக் கழிக்கிற நொதிக்கு ஏ.எல்.டி.எச்.2 என்று பெயர். அதை மந்தமாக்குகிற ஒரு மாறுதல் சீனர், ஜப்பானியர், கொரியரிடம் அதிகம். என் பக்கத்திலிருந்து உனக்கு நல்லதுதான் வந்திருக்கும். உன் சிவப்பு அப்பாவின் சீனப் பக்கத்துச் சொத்து. பாதி நல்லதாயிற்றே, பாதி வேலையாவது செய்யுமே என்று கணக்குப் போடாதே. அந்த நொதி நான்கு துண்டுகள் சேர்ந்து இயங்குவது. ஒரு துண்டு பழுதானாலே மொத்தமும் சுணங்கும். வார்டில் குடியை விட வைக்க நாங்கள் கொடுத்த டைசல்ஃபிரம் மாத்திரையும் இதே நொதியைத்தான் கட்டிப்போடும். அதற்குமேல் குடித்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

தேங்கிய நஞ்சு உடம்பில் ஹிஸ்டமின் என்கிற வேதிப்பொருளைக் கிளப்புவதால் இரத்தக்குழாய் விரிந்து முகம் சிவக்கிறது. ஃபாமோடிடின் ஹிஸ்டமினின் வேலையைத்தான் தடுக்கும். சிவப்பு குறையும், நஞ்சு அப்படியே இருக்கும். சிவக்கவில்லையே என்று இன்னும் இரண்டு கிளாஸ் உள்ளே போகும்.

மாத்திரையே போடாமல் குடித்துக் குடித்துப் பழகினாலும் சிவப்பு மங்கும். அதனால்தான் ஜப்பான் டாக்டர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். இப்போது ஒரு சிறு கிளாஸ், அதாவது 180 மில்லி பீர் குடித்தால் சிவக்கிறதா? குடிக்க ஆரம்பித்த முதல் ஓரிரண்டு வருடத்தில் சிவந்ததா? இரண்டாவதற்கு ஆமாம் என்றாலும் அவர்கள் கணக்கில் நீ சிவக்கிறவன்தான். இந்தப் பழுதான நொதி உள்ளவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றக் குடிகாரர்களைவிடப் பல மடங்கு. உன் தாத்தா ஆ கோங்கும் இளவயதில் சிவந்தவர்தான், பிறகு பழகிவிட்டது என்பாராம். கடைசியில் கஞ்சிகூட இறங்காமல் கிடந்ததை நீயே பார்த்தாய்.

உன்னை எதுவும் கேட்கவில்லை. நீ கெட்டிக்காரன், உன் சம்பாத்தியத்தில்தான் இந்த வீட்டுக் கூரை மாறியது. மேலதிகாரி ஊற்ற வந்தால் ஊலாங் தேநீர் போதும் என்று சொல்லிவிடு. அங்கே பாதிப் பேருக்கு இது தெரிந்த சங்கதி, ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. விழுங்கும்போது தொண்டையிலோ நெஞ்சிலோ ஏதாவது அடைத்தால், சளி என்று விட்டுவிடாமல் எண்டோஸ்கோப்பிக்குப் போ.

வயிற்றெரிச்சல் நிஜம்தான் என்றால் அதையும் டாக்டரிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பா சந்தைக்குப் போனபின் போன் பண்ணு.

அம்மா