லோன் கிடைச்சிட்டுது, மச்சான்

வெள்ளவத்தை
18.01.2026

அன்புள்ள ரஞ்சன்,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபிக்காதே. அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும் அப்படியே. சின்னவள் பரீட்சை எழுதிவிட்டு வீட்டைத் தலைகீழாக்குகிறாள்.

ஸ்டுடியோவுக்கு லோன் கிடைச்சிட்டுது! 25 லட்சம் கேட்டன், 20 தந்திருக்கினம். ஐந்து வருஷம், 13 வீதம், மாசம் 45,500 சொச்சம். சிவாவுக்கு முதலிலேயே சொல்லிவிட்டன் என்று மூஞ்சியைத் தூக்காதே. நீயும் சித்திரை கழிய லோனுக்குப் போகப்போறாய் என்றபடியால் உனக்குத்தான் விபரமாய் எழுதுறன்.

சம்பளக்காரனுக்கு ஒரு சம்பளச் சீட்டு போதும். கலியாணத்துக்குப் படம் எடுக்கிற என்னைப் போல ஆட்களுக்குத் தையில் நாலு லட்சம் வரும், ஆடியில் வீட்டு வாடகைக்கே இழுபறி. நான் முதலில் போன வங்கி கடைசி ஆறு மாச ஸ்டேட்மென்ட் மட்டும் பார்த்தது. ஆடியும் புரட்டாதியும் அதுக்குள்ளே. சராசரி விழுந்துபோச்சு, திருப்பி அனுப்பிப்போட்டினம். இரண்டாவது வங்கிக்கு 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை முழு வருஷத்தையும் கொண்டுபோனன். இறைவரித் திணைக்களத்தின் வரி வருஷமும் அதேதான். வரி ரிட்டனில் உள்ள தொகையும் ஸ்டேட்மென்டில் உள்ள தொகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிந்திய ஆறு மாசத்தைத் தொழில் இன்னும் ஓடுதா என்று பார்க்க மட்டும் வாங்கினவை.

அந்த வருஷம் கணக்கில் விழுந்தது மொத்தம் 41 லட்சம். அதிகாரிப் பிள்ளை பேனையை எடுத்து, என்ர மற்றக் கணக்கிலிருந்து மாற்றின 2 லட்சத்தையும், கனடா அண்ணன் திருப்பி அனுப்பின 3 லட்சத்தையும் வெட்டினா. சரிதானே, அது உழைப்பில்லை. மிச்சம் 36. அல்பம் அச்சு, வான், உதவிப் பெடியங்கள் என்று கணக்கிலிருந்தே போன 15 லட்சத்தைக் கழித்தா. 21 லட்சம், மாசத்துக்கு 1,75,000. ரிட்டனிலும் அதே 21. தனிநபர் விடுதொகை 12 லட்சம் போக, மிச்ச 9 லட்சத்துக்கு 78,000 வரி கட்டின பற்றுச்சீட்டும் கையில் இருந்தது. பிறகு அவ ஒண்டும் கேட்கவில்லை.

அந்த வங்கி எல்லாத் தவணையும் சேர்த்து வருமானத்தில் 40 வீதம் தாண்ட விடாது. அது 70,000. கமெரா லீசிங் 22,000 போக மிச்சம் 48,000. 25 லட்சத்துக்குத் தவணை 57,000 அளவில் வரும், அதுதான் 20க்கு இறங்கினது. ஒருத்தன்ர கடன் எல்லாத்தையும் காட்டுற கிரிப் அறிக்கையையும் எடுத்துப் பார்த்தினம். நீ பிணை நின்ற கடனும் அதிலே நிற்கும், சிவாவின் ஓட்டோ உட்பட. அவன் தவணை ஒழுங்காய்க் கட்டுறானா என்று இப்பவே கேள்.

இனித்தான் உன் கதை. மணவறைச் சோடனைக்கு 1,80,000 காசாய் வாங்குறாய். பூவுக்கும் லொறிக்கும் பெடியங்களுக்கும் 1,10,000 கையாலேயே கொடுத்துவிட்டு மிச்ச 70,000ஐ வங்கியில் போடுறாய். போன முறை உன்னோடு லொறியில் வரும்போது என் கண்ணாலே பார்த்தனான். வங்கிக்கு உன் வரவு அந்த 70,000தான். அதுக்கு மேலே, இந்தத் தொழிலுக்குச் செலவு இருக்குமே என்று அதிலேயும் ஒரு பங்கைக் கழிப்பினம். ஒரே செலவு இரண்டு தரம் வெட்டுப்படும் மச்சான்! பிறகு உன்னாலே விளக்கேலாது, தாளில் இருக்கிறதுதான் அவைக்குத் தெரியும்.

அதனாலே 1,80,000ஐயும் அப்படியே போடு, வைப்புச் சீட்டில் பில் இலக்கத்தை எழுது. பிறகு லொறிக்காரனுக்கும் பூக்காரருக்கும் கணக்கிலிருந்தே அனுப்பு. பில் கொப்பிக்கு இலக்கம் தொடர்ந்து வரட்டும், பரமேஸ் மாமாவின் கொப்பி மாதிரி வேண்டாம். வியாபாரப் பதிவு உன் பெயரில் இருக்கு, அது பிரச்சினையில்லை.

உன் கணக்காளர் மாசம் மூன்று லட்சம் என்று கடிதம் எழுதித் தாறன் என்றாராம். தயவுசெய்து வாங்காதே. உன் ஸ்டேட்மென்ட் அதைச் சொல்லவில்லை, ரிட்டனும் சொல்லவில்லை. மூன்று தாள் மூன்று கதை சொன்னால் உண்மையான வருமானத்தையும் நம்பமாட்டினம். வரிக்குக் குறைத்து, வங்கிக்குக் கூட்டிக் காட்டுற வழி எங்கட ஆட்களிலே கனபேரிட்டை இருக்கு. எனக்கு அது பிடிக்கிறதேயில்லை, உனக்கும் அது வேண்டாம்.

தை பிறந்துட்டுது, கலியாணங்கள் வரிசையாய் வரும். இந்த மாசத்திலிருந்தே தொடங்கினால்தான் சீசன் காசு முழுதாய்த் தாளில் விழும். போன ஏப்ரலிலிருந்து உள்ள ஸ்டேட்மென்டை எடுத்து எனக்கு அனுப்பு. எது வெட்டுப்படும் என்று நான் குறித்து அனுப்புறன். மதுவுக்கும் பிள்ளையளுக்கும் அன்பு.

உன்,
குகன்