கூட்டுத்தொகை 18, ஆனாலும் படம் தவறு

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், சுருக்க வாய்பாட்டைக் கோட்டுப் படமாக மாற்றும் பயிற்சிக்குச் சிட்ரோனெல்லாலை எடுத்திருந்தீர்கள். கொசு விரட்டியில் சேர்க்கும் சிட்ரோனெல்லா எண்ணெயில் இருக்கும் பொருள் அது. தேர்வு நன்று. ஆனால் விடையாக அச்சான படத்தில் ஒரு மெத்தில் கிளை இடம் மாறி நிற்கிறது. அதைவிடச் சிக்கல், "ஹைட்ரஜன்களைக் கூட்டினால் 18 வருகிறது, எனவே படம் சரி" என்று அடியில் எழுதியிருப்பது.

நீங்கள் கொடுத்த வாய்பாடு இது:

(CH3)2C=CHCH2CH2CH(CH3)CH2CHO

முதலில் அடைப்புக்குறிகளைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் உள்ள (CH3)2-க்கு இடப்பக்கம் எதுவும் இல்லாததால், அந்த இரண்டு மெத்திலும் வலப்பக்கத்துக் கார்பனைப் பிடித்திருக்கின்றன. ஒன்றைச் சங்கிலியின் நுனியாகவும் மற்றதைக் கிளையாகவும் வைத்துக்கொள்ளலாம். நடுவில் வரும் (CH3) அப்படியல்ல. அது தனக்கு முன்னால் எழுதப்பட்ட CH-இன் கிளை. உங்கள் படத்தில் அது பின்னால் வரும் CH2-இல் தொங்குகிறது. அப்படி இருக்க முடியாது என்பதை வாய்பாடே சொல்கிறது: CH2-க்கு இடத்தில் ஒரு பிணைப்பு, வலத்தில் ஒன்று, ஹைட்ரஜன்கள் இரண்டு, ஆக கார்பனின் நான்கு கையும் நிரம்பிவிட்டது. கிளையையும் மாட்டினால் ஐந்தாகிவிடும். CH-க்குத்தான் ஒரு கை மீதி. (அடைப்புக்குறி என்றாலே கிளை என்று நினைத்துவிடவும் கூடாது. CH3(CH2)4CHO என்பதில் அந்த நான்கு CH2-வும் சங்கிலியிலேயே வரிசையாக நிற்பவை.)

இனி வரையலாம். கோட்டுப் படத்தில் எழுத்து இல்லாத ஒவ்வொரு மூலையும் நுனியும் ஒரு கார்பன். அதில் உள்ள ஹைட்ரஜன்களை எழுதுவதில்லை. கிளைகளை ஒதுக்கினால் சங்கிலியில் 8 கார்பன். எட்டுப் புள்ளி, ஏழு கோடு என்று மேலும் கீழுமாக வளைத்து இழுத்து, இடமிருந்து எண் போடுங்கள். 2-க்கும் 3-க்கும் இடையே இரட்டைக் கோடு. 2-இல் ஒரு கிளை, 6-இல் ஒரு கிளை. 8-இலிருந்து இரட்டைக் கோட்டில் O. நுனியில் O என்ற எழுத்து நிற்பதால் அங்கே கார்பன் கிடையாது. அதையும் ஒரு கார்பனாக எண்ணி, சங்கிலியில் ஒரு மூலையைக் குறைத்துவிடுபவர்கள் உண்டு.

ஹைட்ரஜனை எண்ண, ஒவ்வொரு புள்ளியிலும் சேரும் கோடுகளை நான்கிலிருந்து கழிக்க வேண்டும். இரட்டைக் கோட்டை இரண்டாக எண்ண வேண்டும். புள்ளி 2-இல் இரண்டு ஒற்றை, ஒரு இரட்டை, மொத்தம் நான்கு, ஹைட்ரஜன் இல்லை. புள்ளி 8-இல் ஒரு ஒற்றை, ஒரு இரட்டை, ஹைட்ரஜன் ஒன்று. இப்படியே போனால் 1 முதல் 8 வரை 3, 0, 1, 2, 2, 1, 2, 1 என்று வரும். கூட்டினால் 12. கிளை நுனிகள் இரண்டிலும் மும்மூன்று சேர்ந்து 18. இரட்டைக் கோட்டை ஒன்றாக எண்ணினால் 2, 3, 8 ஆகிய புள்ளிகளில் ஒவ்வொன்று கூடி 21 ஆகும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உள்ள, மின்சுமையில்லாத சாதாரண மூலக்கூறில் ஹைட்ரஜன் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வராது. 21-ஐக் கண்டதுமே திரும்பிப் பார்க்க வேண்டும்.

CHO-வை OH போல ஒற்றைக் கோட்டில் வரைந்தாலும் கூட்டல் காட்டிக்கொடுக்கும். அப்போது 8-இல் இரண்டு ஹைட்ரஜன், O-வில் ஒன்று, மொத்தம் 20. அது சிட்ரோனெல்லால் என்ற ஆல்டிஹைடு அல்ல, ரோஜா மணமுள்ள சிட்ரோனெல்லோல் என்ற ஆல்கஹால்.

ஆனால் கிளை இடம் மாறினால் கூட்டலுக்கு அது தெரியாது. உங்கள் படத்தில் புள்ளிவாரியாக எண்ணினால் 3, 0, 1, 2, 2, 2, 1, 1. இதற்கும் கூட்டுத்தொகை 12-தான். கிளைகளோடு அதே 18. வாய்பாடும் அதே C10H18O. பொருள்தான் வேறு, ஒரு மாற்றியம். ஆகவே படத்திலிருந்து எடுத்த எண் வரிசையைச் சுருக்க வாய்பாட்டுக்கு அடியில் எழுதி, கார்பன் கார்பனாக ஒப்பிட வேண்டும். 6-ஆவது இடத்தில் வாய்பாடு CH என்கிறது, படம் CH2 என்கிறது. பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்த இதழில் அந்தக் கிளையை 7-இலிருந்து 6-க்கு மாற்றி, அடிக்குறிப்பில் கூட்டுத்தொகைக்குப் பதிலாக இந்த எட்டு எண்களையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்