புரிதல் இல்லாதவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரிக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். "வந்திருந்தவர்களில் பலருக்குத் திட்டம் பற்றிய போதிய புரிதல் இல்லை" என்று முடித்திருந்தீர்கள். உண்மைதான். அந்தப் புரிதல் எந்தப் பக்கத்தில் அச்சாகியிருந்தது என்பதையும் நிருபர் எழுதியிருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

கூட்டத்துக்கு முன் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சுருக்கம் எப்படி இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அது ஏ4 தாளில் பத்துப் பக்கத்துக்குள் இருக்க வேண்டும். திட்ட விவரத்தில் தொடங்கி மேலாண்மைத் திட்டத்தில் முடியும் ஏழு தலைப்புகள். இந்த ஏழும் சென்னையில் உட்கார்ந்து பரிசீலிக்கும் குழுவுக்குத் தோதானவை. ஊர்க்காரர் கேட்பது வேறு: எனக்கு என்ன மாறும், எப்போது மாறும், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது? பத்துப் பக்கத்தையும் புரட்டினாலும் இதற்கு நேரான பதில் ஒரு வரிகூட இராது. 2020-இல் அறிவிக்கையின் புதிய வரைவையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் போட்டுவிட்டுக் கருத்துச் சொல்லச் சொன்னது மத்திய அரசுதானே. மற்ற மொழிகளிலும் வெளியிடச் சொல்ல டில்லி உயர் நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

தாங்கள் செய்தியாக்கிய அதே குவாரியின் சுருக்கத்தையே எடுத்துக்கொள்வோம். "ஐந்தாண்டில் 3,00,000 கன மீட்டர் சாதாரண கல், ஆண்டுக்கு 300 வேலை நாள், போக்குவரத்தால் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்கிறது. இதைப் படித்துவிட்டு யார் என்ன கேட்க முடியும்? வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 200 கன மீட்டர், ஊர்க் கணக்கில் சுமார் 70 யூனிட். கன மீட்டருக்கு 2.6 டன் என்று வைத்தால் 520 டன். இருபது டன் ஏற்றும் டிப்பரில் 26 நடை. காலியாக வருவதையும் சேர்த்தால் ஊர்ச் சாலையில் 52 முறை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்றால் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு லாரி. இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளை ஒரே தொகுப்பாகத்தான் பார்க்க வேண்டும். இங்கே அப்படி மூன்று. மூன்றும் ஏறக்குறைய இதே அளவு என்பதால் மூன்று நிமிடத்துக்கு ஒரு லாரி. மூன்றுக்கும் சேர்த்த கணக்கு முழு அறிக்கையின் உள்ளே எங்கோ இருக்கிறது, சுருக்கத்தில் இல்லை. "பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் மூன்று நிமிடத்துக்கு ஒரு டிப்பர் போகும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், புரிதல் இல்லாதவர்கள் அன்றைக்கு என்ன கேட்டிருப்பார்கள் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கிணறு. "குவாரியின் இறுதி ஆழம் 45 மீட்டர், நிலத்தடி நீர்மட்டம் 55 மீட்டருக்குக் கீழ், எனவே நீர்மட்டம் பாதிக்கப்படாது." அந்த 55 மீட்டர் ஆழ்துளைக் கிணற்றில் அளந்தது. ஊர்க்காரர் பாசனம் செய்வது 80 அடி திறந்த கிணற்றில், அதாவது ஏறத்தாழ 24 மீட்டர். நம் பக்கத்துக் கெட்டிப்பாறையில் திறந்த கிணற்றுக்கு நீர் வருவது மேலே சிதைந்த பாறையிலிருந்தும் வெடிப்புகளிலிருந்தும்தான். பக்கத்தில் அதைவிட ஆழமான குழி விழுந்து, வெடிப்பு இரண்டையும் இணைத்திருந்தால், ஊற்று குழிக்குள் இறங்கும். குவாரிக்காரர் பம்பு வைத்து அதை ஓடையில் விடுவார். எல்லாக் கிணறும் வற்றும் என்று சொல்ல மாட்டேன். வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது. அதனால்தான் திறந்த கிணறுகளை வேலை தொடங்குமுன் அளந்து வைக்க வேண்டும்.

இதில் "எப்போது" என்பதற்கும் விடை கையிலேயே இருக்கிறது. சுரங்கத் திட்டத்தில் எந்த ஆண்டு எவ்வளவு ஆழம் என்ற அட்டவணை உண்டு. இந்தக் குவாரிக்கு முதல் ஆண்டு 10 மீட்டர், இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 30. ஆக, சுருக்கத்தில் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "மூன்றாம் ஆண்டில் குழி உங்கள் 80 அடிக் கிணற்றின் அடியைத் தாண்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் 148 அடி ஆழம் இருக்கும். அந்தப் பள்ளம் மூடப்படாது. குழியிலிருந்து இறைக்கும் நீர் இந்த ஓடை வழியாக இந்தக் கண்மாய்க்குப் போகும். கிணற்று நீர் குறைந்தால் இன்னாரிடம் முறையிடலாம்." இதை எழுதப் பொறியியல் பட்டம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

காற்று பற்றிய அட்டவணை தனிக் கூத்து. நுண்துகள் இத்தனை மைக்ரோகிராம், 24 மணி நேர வரம்பு 100, ஆகவே "வரம்புக்குள்" என்று முடிகிறது. அது குவாரி வருவதற்கு முன் அளந்தது. வந்தபின் எவ்வளவு ஆகும் என்ற கணிப்பு வேறொரு பக்கத்தில் கிடக்கிறது. "இன்று", "வேலை நடக்கும்போது", "வரம்பு" என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்துச் சொல்லிவிடும்.

வீடுகள் விஷயத்தில் மௌனம் இன்னும் மோசம். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்கு அனுமதி கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. சுருக்கத்தில் "அருகிலுள்ள குடியிருப்பு 450 மீட்டர்" என்றிருக்கிறது. ஆனால் விதியின் கணக்கில் குடியிருப்பு என்றால் வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ இருப்பது, அல்லது அங்கீகாரம் பெற்ற மனை. தோட்டத்தில் வீடு கட்டி இருபது வருடமாகக் குடியிருப்பவர் இதில் வராமல் போகலாம். வெடிச்சத்தமும் அதிர்வும் பதிவேட்டைப் பார்த்தா வருகின்றன? "தோட்ட வீடுகள் இந்தத் தூரக் கணக்கில் சேர்க்கப்படவில்லை, 300 மீட்டருக்குள் இத்தனை வீடு இருக்கிறது" என்று ஒரு வரி போட்டிருந்தால், அவர்கள் வீட்டு வரி ரசீதோடு கூட்டத்துக்கு வந்திருப்பார்கள்.

ஆட்சேபம் சொல்லும் வழியைப் பற்றிச் சுருக்கத்தில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள், கூச்சல் போட்டார்கள், தாங்களும் அதைப் படம் பிடித்துப் போட்டீர்கள். அது வாக்கெடுப்பு அல்ல. இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஆயிரம் பேர் "வேண்டாம்" என்றாலும் நடவடிக்கைக் குறிப்பில் "பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரி; எதிரே "விதிகளின்படி செயல்படுவோம்" என்று நிறுவனத்தின் ஒரு வரிப் பதில். ஆனால் ஒருவர் இப்படி எழுதினால் கதை வேறு: "சுருக்கத்தின் 4-ஆம் பக்கத்தில் நீர்மட்டம் 55 மீட்டர் என்றுள்ளது. எங்கள் சர்வே எண்ணில் உள்ள 24 மீட்டர் கிணற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் உண்டு. சுற்றியுள்ள திறந்த கிணறுகளை அளந்து இறுதி அறிக்கையில் சேர்க்க வேண்டும். அதுவரை அனுமதி தரக் கூடாது." எந்தப் பக்கம், என்ன தவறு, என்ன வேண்டும் என்ற மூன்றும் இருப்பதால் இதற்கு ஒரு வரிப் பதில் செல்லாது. மக்கள் கையில் இருப்பது வரைவு அறிக்கைதான் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கூட்டத்தில் எழுந்த ஆட்சேபங்களுக்கு ஏற்ப அதைத் திருத்தித்தான் இறுதி அறிக்கை தர வேண்டும்.

இப்படி எழுதிய ஆட்சேபக் கடிதத்தை முன்கூட்டியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்திலும் அதையே பேச வேண்டும். முழுக்க வீடியோ எடுக்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசி அரை மணி நேரம். நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்திலேயே தமிழில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே ஆட்சியரோ அவர் சார்பில் தலைமை வகிப்பவரோ கையெழுத்திட வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் நேரமும் பெரும்பாலும் அதுதான். வாசிப்பைக் கேட்காமல் கலைந்து போனால், சொன்னது எழுதப்பட்டதா என்பது யாருக்கும் தெரியாது. எட்டு நாளில் அந்தக் குறிப்பு அனுமதி தரும் ஆணையத்துக்குப் போய்விடும். அனுமதி கிடைத்தபின் எதிர்ப்பதென்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்குமேல் இல்லை.

அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானபோது "விழிப்புணர்வு பெற்ற மக்கள்" என்று தங்கள் இதழ் எழுதியது. அதே தாலுகா, அதே மக்கள். பெரிய திட்டம் என்றால் விழிப்புணர்வு, நாலு ஹெக்டேர் குவாரி என்றால் புரிதல் இல்லாமையா?

கடைசியாக, தங்களால் முடிந்த ஒரு சின்னக் காரியம். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு வரும் அறிவிப்பைத் தாங்கள் விளம்பரமாகத்தான் வெளியிடுகிறீர்கள், ஏலச் செய்திக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் நடுவே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில். அதற்குப் பணமும் வாங்குகிறீர்கள், குறை சொல்லவில்லை. அது வரும் நாளில் மதுரைப் பதிப்பின் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தியும் போடுங்கள்: எந்த ஊர், சர்வே எண்ணோடு அந்த இடத்துக்கு ஊரில் வழங்கும் பெயர், அறிக்கையை எந்த அலுவலகத்தில் பார்க்கலாம், கடிதத்தை எங்கே எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நிருபருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வேலை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மேலூர்.