எட்டு மணி அலாரம்

கண்ணா,

நல்லா இருக்கியா. இங்க நாங்க நல்லா இருக்கோம், அப்பாவும் நல்லா இருக்கார், மாடி வீட்டு விஷயம் அப்படியேதான் கெடக்கு. அக்கா போன வாரம் வந்துட்டு போனா. உனக்கு ப்ரமோஷன் வந்துச்சாமே, அவ சொல்லித்தான் எனக்கே தெரியும். ரொம்ப சந்தோஷம்டா, அன்னிக்கு பூரா எனக்கு வேலையே ஓடல. என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, வேலை அதிகமா இருக்கும்.

இப்ப எழுதறது போன் விஷயமா. நீ லீவுல வந்தப்போ மொழி லிஸ்ட்ல தமிழையும் சேத்து, பேசினா டைமர் அலாரம் எல்லாம் வைக்கிற மாதிரி பண்ணிக் குடுத்துட்டு போனியே, அத தினமும் யூஸ் பண்றேன். முதல்ல கூச்சமா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு. மாவு கையோட போனை தொட வேண்டியதில்ல பாரு, அது ஒண்ணே பெரிய உதவி. ஆனா நீ சொல்லிக் குடுத்ததுல சிலது விட்டுப் போச்சு, நானே தட்டுத் தடுமாறி கத்துக்கிட்டேன். நீயும் அங்க தனியா சமைக்கிறே, அடுப்புல வெச்சுட்டு லேப்டாப் முன்னாடி போய் உக்காந்துடறே, அதனால கவனமா படி.

மொதல்ல நேரம் சொல்ற விதம். நாம "எட்டே முக்கா"ன்னு சொல்லுவோம்ல, அத சொன்னா எனக்கு ரெண்டு தடவை வெறும் 8 மணின்னு பதிவாயிருந்துச்சு. அதுல இருந்து "எட்டு நாப்பத்தஞ்சு"ன்னு நம்பராவே சொல்றேன். "ஒன்றரை மணிக்கு"ங்கறதும் "ஒன்றரை மணி நேரம்"ங்கறதும் வேற வேற, ஒண்ணு கடிகார நேரம், இன்னொண்ணு இவ்வளவு நேரம் கழிச்சுன்னு அர்த்தம். அவசரத்துல நாம கடைசி வார்த்தைய முழுங்கிடறோம், அப்புறம் அது தப்பா எடுத்துக்குது. காலையா ராத்திரியான்னும் சேத்து சொல்லணும். ஒரு நாள் ராத்திரி ஒம்பது மணிக்கு உக்காந்து "எட்டு மணிக்கு அலாரம் வை"ன்னு சொன்னேன், நான் நெனச்சது மறுநாள் ராத்திரி, அது விடிஞ்சதும் காலைல அடிச்சுது. "தினமும்"னு சொல்லலேன்னா ஒரு நாளோட சரி, மறுநாள் அடிக்காது, அது அடிக்கலேங்கறதே நமக்கு தெரியாது. நடுவுல நிறுத்தவும் கூடாது, "இருபது..."ன்னு சொல்லி ஒரு மூச்சு யோசிச்சோம்னா பேச்சு முடிஞ்சுதுன்னு அரைகுறையா எடுத்துக்கும். முழுசா மனசுல சொல்லிப் பாத்துட்டு அப்புறம் வாய தெறக்கணும். மிக்ஸி ஓடும்போது சொல்லவே சொல்லாதே.

எல்லாத்துக்கும் மேல, சொன்னதுக்கு அப்புறம் ஸ்க்ரீன பாரு. கடிகார ஆப் உள்ள போயி என்ன நேரம், தினமுமா ஒரு நாளா, ஆன்ல இருக்கான்னு கண்ணால பாத்தாதான் ஆச்சு.

அப்புறம் அலாரமும் ரிமைண்டரும் ஒண்ணுன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒண்ணு இல்ல. போனை சைலண்ட்ல போட்டிருந்தாக்கூட அலாரம் அதோட சத்தத்துல அடிக்கும், நாம நிறுத்தலேன்னா கொஞ்ச நேரத்துக்கு விடாம அடிக்கும். ரிமைண்டர் மெசேஜ் வர்ற மாதிரி மேல ஒரு வரி வந்து நிக்கும், சைலண்ட்ல இருந்தா சத்தமே வராது. நான் கல்யாணத்துக்கு போயிட்டு வந்து சைலண்ட்ட எடுக்க மறந்துட்டு, மறுநாள் மத்தியானம் பாத்தா காலைல வந்த ரிமைண்டர் அப்படியே நிக்குது. அதனால கரெண்ட் பில், அத்தைக்கு போன் பண்றது இதுக்கெல்லாம் ரிமைண்டர் போதும், மாத்திரைக்கு அலாரம்தான். பேசி வைக்கிறதுக்குத்தான் நெட் வேணும், வெச்ச அலாரம் நெட் இல்லாமலே அடிக்கும். ஆனா போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சு கெடந்தா அடிக்காது. ராத்திரி சார்ஜ் போடு கண்ணா, நீ போடவே மாட்டே.

சமையலுக்கு டைமர். பருப்ப அடுப்புல வெச்ச உடனே டைமர் வைக்காதே, கொதி வந்து தீய குறைச்சதுக்கு அப்புறம் வை. பால் காய்ச்சறப்போ டைமர நம்பி நகரவே நகராதே, பாலுக்கு கண்ணுதான் வேணும். டைமருக்கு பேரு வெச்சு சொல்லு, "பருப்புக்கு இருபது நிமிஷம் டைமர் வை"ன்னு. வெறும் "இருபது நிமிஷம்"னு சொல்லாதே. இத நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா

கண்ணா, ஒண்ணு உன்கிட்ட மறைச்சுட்டேன். அக்காகிட்டயும் சொல்லல. எழுதிடறேன்.

ஒரு மாசம் முன்னாடி ஒரு ராத்திரி. அப்பாவோட சுகர் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாடி போடறது, 8 மணிக்கு அலாரம் அடிச்சுது, எடுத்து குடுத்தேன், போட்டுக்கிட்டார். 8:05க்கு பருப்புக்கு டைமர் வெச்சேன், பேரு வைக்கல. போன் ஹால்ல இருந்துச்சு, நான் அடுப்புக்கிட்ட. 8:25க்கு அடிச்சுது. ரெண்டுக்கும் ஒரே ட்யூன். எனக்கு மனசுல அந்த ட்யூன்னாலே மாத்திரைன்னு பதிஞ்சு போச்சு. கைய தொடச்சுக்கிட்டு ஓடி வந்து, ஸ்க்ரீன பாக்காம, நிறுத்திட்டு, இன்னொரு மாத்திரைய பிரிச்சு அப்பா கையில குடுத்துட்டேன். அவர் நியூஸ் பாத்துக்கிட்டு இருந்தார். நான் குடுத்தா கேள்வி கேக்காம போட்டுக்குவார், உனக்கு தெரியுமே. பருப்பு தீயற வாசனை வந்தப்போகூட எனக்கு உறைக்கல, டைமர் இன்னும் அடிக்கலேன்னுதான் நெனச்சேன்.

11 மணி வாக்குல அப்பாவுக்கு சட்டையெல்லாம் நனையற அளவுக்கு வேர்வை, கை நடுக்கம், நான் ஒண்ணு கேட்டா அவர் ஒண்ணு சொல்றார். மெஷின்ல குத்திப் பாத்தா 58. எழுபதுக்கு கீழ போனா 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட்டுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். ஒரு பெரிய ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வெச்சேன். நல்லவேளை முழுங்கற நெனவுல இருந்தார், நெனவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தவே கூடாது. அப்புறம் அதே போன்ல பதினஞ்சு நிமிஷம் டைமர் வைன்னு சொன்னேன். என் குரல் நடுங்கி அது முதல் தடவை எடுத்துக்கல. மறுபடி சொன்னேன். அந்த பதினஞ்சு நிமிஷம் ஸ்க்ரீன்ல நம்பர் கொறையறத பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். திரும்ப டெஸ்ட் பண்ணா 76. அப்பதான் மாத்திரை அட்டைய எண்ணிப் பாத்தேன், ஒண்ணு கொறையுது.

டாக்டருக்கு போன் பண்ணேன். இந்த மாத்திரைல க்ளிமிபிரைட் இருக்கு, இப்ப ஏறினாலும் பல மணி நேரத்துக்கு மறுபடி மறுபடி சுகர இறக்கிக்கிட்டே இருக்கும், வீட்ல வெச்சுக்காம உடனே கூட்டிட்டு வாங்கன்னார். விடியற வரைக்கும் ட்ரிப்ஸ் ஏத்தி, மணிக்கொரு தடவை டெஸ்ட் பண்ணி பாத்துக்கிட்டாங்க. காலைல சரியாயிடுச்சு. இப்ப நல்லா இருக்கார், சத்தியமா.

மறுநாள் ராத்திரி வழக்கம்போல எட்டு மணிக்கு நீ கூப்பிட்டு "அப்பா மாத்திரை போட்டாராம்மா"ன்னு கேட்டே. அந்த கேள்விய என்னால தாங்க முடியல. அப்பா தூங்கிட்டார்னு பொய் சொன்னேன், இனிமே இதுக்காக போன் பண்ண வேண்டாம், போனே சொல்லுதேன்னு வெடுக்குன்னு வெச்சேன். நீ சரிம்மான்னு சொன்னே. அப்புறம் கூப்பிடவே இல்ல.

இப்ப என்ன பண்றேன்னா, டைமருக்கு தனி ட்யூன் மாத்திட்டேன், கடிகார ஆப் செட்டிங்ஸ்ல இருக்கு, அக்கா பையன் காட்டினான். அலாரத்துக்கு "டப்பாவ தெறந்து பாரு"ன்னு பேரு. ஏழு நாளைக்கு காலை ராத்திரின்னு கட்டம் போட்ட டப்பா வாங்கி ஞாயித்துக்கெழமை நானே நெரப்பறேன். அலாரம் அடிச்சா டப்பாவ போனுக்கிட்ட கொண்டு வருவேன், கட்டத்துல மாத்திரை இருந்தா குடுப்பேன், அவர் முழுங்கினத பாத்துட்டுதான் அலாரத்த நிறுத்துவேன். கட்டம் காலியா இருந்தா எத்தனை தடவை அடிச்சாலும் குடுக்க மாட்டேன். போட்டாரா இல்லையான்னு சந்தேகம் வந்தா அந்த வேளைக்கு இன்னொண்ணு கிடையாது, டாக்டர கேக்கறேன். போனுக்கு நேரம்தான் தெரியும், அப்பா வாய்க்குள்ள போச்சான்னு அதுக்கு எப்படி தெரியும். நான் அத புரிஞ்சுக்காம அலாரத்த நிறுத்தினா மாத்திரை போட்ட மாதிரின்னு இருந்துட்டேன்.

அப்பா என்ன திட்டல. அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. பையனுக்கு சொல்ல வேண்டாம், பயந்துடுவான்னு அவர்தான் சொன்னார், ஆனா நான் சொல்லாததுக்கு காரணம் அது இல்ல. நீ பொறுமையா உக்காந்து சொல்லிக் குடுத்தத நான் சரியா பண்ணலேன்னு நீ நெனைப்பியேன்னுதான்.

நீயும் டைமருக்கு பேரு வெச்சு சொல்லு. ஸ்க்ரீன பாரு. அடுப்ப விட்டு போகாதே.

போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போது அலாரம் வந்தா முழு சத்தத்துல அடிக்க மாட்டேங்குது, அக்கா ஒரு நாள் கரெக்டா எட்டு மணிக்கு கூப்பிட்டப்போ பாத்தேன். அதனால எட்டு மணிக்கு வேண்டாம், எட்டரைக்கு மேல கூப்பிடு. அப்பா முழிச்சிட்டுதான் இருப்பார்.

அம்மா