‘போகிற’ என்று நின்ற வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி விளையாட்டுகளைத் தமிழாக்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, மொழிபெயர்ப்பின் சிக்கல்களை மட்டுமே பேசியது. மொழிபெயர்த்து முடித்த பிறகு, உரையாடல் பெட்டியின் ஓரத்தில் தமிழ் சிதைவதை அது தொடவில்லை. அந்த வேலையைச் செய்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு பாத்திரம் ‘நான் அங்கேதான் போகிறேன்’ என்று சொல்ல வேண்டும். திரையில் முதல் வரி ‘நான் அங்கேதான் போகிற’ என்று நின்றது. அடுத்த வரி, சேர எழுத்தில்லாத குறிக்குக் கணினி காட்டும் புள்ளி வட்டத்தின் அருகே ஏகாரக் கொம்பைத் தொங்கவிட்டு, ‘ன்’ என்று முடிந்தது. ‘போகிற’ என்பது தனியாகவும் ஒரு சொல் என்பதால், வாசிப்பவர் ‘போகிற யார்?’ என்று அடுத்த வரியில் தேடுவார்.

எழுத்துருவில்தான் பிழை என்றார் நிரல் எழுதியவர். மூன்று எழுத்துருக்களை மாற்றியும் பயனில்லை. அதே சொல் வரியின் நடுவில் வந்தபோது ஒழுங்காகவே தெரிந்தது. அப்படியானால் பிழை வரியை வெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. யூனிகோடில் ‘றே’ என்பது ‘ற’, கொம்பு என இரண்டு குறியீடுகள். ‘ன்’ என்பதும் ‘ன’, புள்ளி என இரண்டு. நமக்கு நான்கு எழுத்தான ‘போகிறேன்’ கணினிக்கு எட்டுக் குறியீடுகள். அந்தப் பெட்டி இருபது குறியீடுகளுக்கு ஒரு வரி என்று எண்ணியது. இருபதாவது குறியீடு ‘ற’. கொம்பு இருபத்தொன்றாவது.

முதலில் இடைவெளியில்தான் மடிக்க வேண்டும். ஒரு சொல்லே பெட்டியின் அகலத்தை மீறினால் மட்டும் சொல்லுக்குள் வெட்டலாம், அதுவும் முழு எழுத்துகளுக்கு இடையில். இதற்கு ஜாவாஸ்கிரிப்டில் `Intl.Segmenter` இருக்கிறது. `grapheme` என்ற அமைப்பில் கொடுத்தால் போ, கி, றே, ன் என்று பிரித்துத் தருகிறது. வரி நிறைந்ததா என்பதையும் எழுத்துகளை எண்ணி முடிவு செய்யக் கூடாது. ‘னௌ’ பிடிக்கும் இடமும் ‘ர’ பிடிக்கும் இடமும் ஒன்றல்ல. திரையில் வரும் அகலத்தையே அளக்க வேண்டும்.

அதன் பிறகும் இரண்டு குறைகள் எஞ்சின. சொல்லே அடங்காத குறுகிய பெட்டியில் ‘ன்’ மட்டும் அடுத்த வரிக்குப் போய்த் தனியாக நின்றது. புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்ற விதியைச் சேர்த்ததும், வெட்டு ‘போகி’, ‘றேன்’ என்று நகர்ந்தது. ‘பக்ஷி’ போன்ற சொல்லில் அந்தக் கருவி ‘க்’, ‘ஷி’ என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. அதையும் ‘ஸ்ரீ’யையும் பிரிக்காதே என்று தனியாகவே சொல்ல வேண்டியிருந்தது.

தமிழில் விளையாட்டு வெளியிடுபவர்கள், பெட்டியை வேண்டுமென்றே குறுக்கி, நீளமான சொற்களை இட்டுப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். ஒரே ஒரு வரியின் தொடக்கத்திலாவது புள்ளி வட்டம் தெரிந்தால், நிரல் இன்னும் குறியீடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்