செயலாளர் ஆண்டறிக்கை, 2025
கிளாஸ்கோ

அஸ்ஸலாமு அலைக்கும்.

இரு பெருநாள் ஒன்றுகூடல்களும் சிறுவர் விளையாட்டு நாளும் வழக்கம்போல் நடந்தன. பொதுக்குழு இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டு மூன்றாம் முறை கூடியது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி கோடைக்கால இஷா நேரத்தைப் பற்றியது. கடந்த கோடையில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளும் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் வானம் முழுதாக இருட்டும். நம் ஊரில் மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை அது அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. ஜூன் 21 நள்ளிரவில்கூட 11 பாகையை எட்டவில்லை. அந்திவெளிச்சம் மறைந்தால் இஷா, கிழக்கு வெளுத்தால் சுப்ஹு. மறையவே மறையாத வெளிச்சத்தில் இரண்டையும் எங்கே பிரிப்பது?

அன்று சூரியன் மறைந்தது 10.06, உதித்தது 4.31. இரவின் நீளம் 385 நிமிடம். அதை ஏழாகப் பங்கிட்டு முதல் பங்கு முடிந்ததும் இஷா என்றால் 11.01. பத்தில் மூன்று பங்கு என்று கணக்கிடும் செயலியில் 12.01. சரிபாதி என்று எடுத்தால் 1.18, அதே நிமிடத்தில் சுப்ஹும் வந்துவிடும். ஒரே வீட்டில் கணவர் கைப்பேசியில் ஒரு நேரம், மனைவி கைப்பேசியில் ஒரு நேரம். செயலி பழுதாகிவிட்டதா என்று என்னைக் கேட்டார்கள். பழுது இல்லை, அமைப்பில் தேர்ந்தெடுத்த முறைதான் வேறு.

இது நமக்கு வந்த புதுச் சிக்கலும் அல்ல. 922-ல் வோல்கா நதிக்கரையின் பல்கார் நாட்டுக்குப் போன இப்னு ஃபள்லான், இஷா பாங்குக்காகப் பேசிக்கொண்டு காத்திருந்தார். பாங்கு கேட்டு வெளியே வந்தால் விடிந்துகொண்டிருந்தது. இஷாவை மஃரிபோடு சேர்த்தே தொழுதுவிடுகிறோம் என்றார் முஅத்தின். அடையாளமே தோன்றாத இடத்தில் இஷா கடமையா என்று ஹனஃபி அறிஞர்கள் பின்னாளில் வாதாடினார்கள். அல்பக்காலி கடமை இல்லை என்றார், இப்னுல் ஹுமாம் கடமைதான் என்றார். தஜ்ஜால் பற்றிய ஹதீஸில் ஒரு நாள் ஒரு வருடம்போல் நீளும்போது தொழுகையை எப்படித் தொழுவது என்று கேட்கப்பட்டதற்கு, நேரத்தைக் கணித்துக்கொள்ளுங்கள் என்று வந்திருக்கிறதல்லவா, அதுவே இன்றைய கணக்குகளுக்கெல்லாம் வேர்.

ஏழில் ஒரு பங்கு முறையில் நான் தயாரித்த அட்டவணையைக் குழு ஏற்றது. அதில் ஒரு கோளாறு இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். 18 பாகை கிடைக்கும் கடைசி நாளில் இஷா இரவு ஒரு மணியை ஒட்டி வருகிறது. மறுநாள் பங்கு முறைக்கு மாறியதும் 10.10 ஆகிவிடுகிறது. ஒரே இரவில் மூன்று மணி நேரக் குதிப்பு! அச்சிட்ட பிறகுதான் கவனித்தேன். அச்சுக்கு முன் சரிபார்க்கிறேன் என்று சொன்ன இரண்டு சகோதரர்களும் சரிபார்க்கவில்லை.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்றுதான் ஜூன் 21 சனிக்கிழமை இரவு கேம்ப்சி குன்றுகளுக்குப் போக ஏற்பாடு செய்தேன். நகர விளக்குகள் தெற்கே முதுகுப்பக்கம் போய்விடும், வடக்கு அடிவானம் தெளிவாகத் தெரியும். வருகிறோம் என்றவர்கள் பதினொரு பேர். வந்தவர்கள் நானும் ஹஜ்ரத்தும்தான். முகமெல்லாம் மிட்ஜ் பூச்சிகள் மொய்க்க, நள்ளிரவு தாண்டியும் நின்றோம். அந்த வெளிச்சம் மேற்கே அணையாமல், அடிவானத்தை ஒட்டியே வடக்கு நோக்கி நகர்ந்தது. 1.18-க்கு நேர் வடக்கே வெளிறிய மஞ்சள் பட்டையாக நின்றது, அதற்குச் சற்று மேலே கபெல்லா நட்சத்திரம். அப்புறம் அதே பட்டை கிழக்கே நகர்ந்து சுப்ஹின் வெளிச்சமாகிவிட்டது. ஒன்று முடிந்து மற்றது தொடங்கிய இடத்தை இருவராலும் காட்ட முடியவில்லை.

இன்னொரு விஷயம். நம்மில் கடற்கரை ஊர்க்காரர்கள் பலர் ஷாஃபி, உள்நாட்டுக்காரர்கள் பலர் ஹனஃபி. செந்நிறம் மறைந்தாலே இஷா என்பது ஷாஃபி நிலை. அபூ ஹனீஃபா இமாம் வெண்மையும் மறையவேண்டும் என்றார், அவருடைய இரு மாணவர்கள் செந்நிறமே போதும் என்றார்கள். ஏப்ரல் நடுவிலிருந்தே செந்நிறத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த மூன்று மணிக் குதிப்பு வெகுவாகச் சுருங்கும், இரு தரப்புக்கும் ஆதாரமும் உண்டு. ஆனால் செந்நிறம் மறையும் நேரத்தைக் கணக்கால் மட்டும் எழுதிவிட முடியாது, பல இரவுகள் பார்த்துக் குறிக்கவேண்டும். நோன்பு குளிர்காலத்தில் வருவதால் இப்போது யாருக்கும் அவசரமில்லை. 2015-ல் ஜூன் 18-ல் ரமலான் தொடங்கியபோது ஸஹரை எத்தனை மணிக்கு முடிப்பது என்று இதே சங்கத்தில் எழுந்த சத்தம் எனக்கு நினைவிருக்கிறது.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது, கேட்பவர்களுக்குக் காட்டுவார். சந்தா பாதிக்கு மேல் நிலுவை. அட்டவணையின் அச்சுச்செலவில் ஒரு பகுதியை நானே கொடுத்தேன், அதைத் திரும்பக் கேட்கவில்லை. அட்டவணையை மட்டும் எல்லா வீட்டாரும் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள்.

தலைவருக்கும், அரங்கம் தந்த பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், சமைத்த தாய்மார்களுக்கும் ஜஸாகல்லாஹ் கைரன்.

அடுத்த ஆண்டும் இப்பொறுப்பில் இருப்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஏப்ரல் 15 முதல் வானம் தெளிந்த இரவுகளில் கேம்ப்சிக்குப் போகவேண்டும். கார் உள்ளவர் ஒருவர், நல்ல பார்வையுள்ளவர் மூவர் போதும். பூச்சிக்கு முகவலை நான் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் சந்தாவையும் கையோடு கொண்டுவரலாம், ரசீதுப் புத்தகம் காரில்தான் இருக்கும்.

செயலாளர்