திருமணப் பத்திரிகையில் பெயர்கள்: அச்சுக்குக் கொடுக்கும் முன்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். தை, மாசி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிக்கத் தொடங்கிவிட்டதால், பலர் கேட்ட ஐயங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

வழக்கமாக முதலில் தாத்தா, பாட்டி பெயர்களும், அடுத்து பெற்றோர் பெயர்களும், அவற்றின் கீழ் பெரிய எழுத்தில் மணமக்கள் பெயர்களும் வரும். மணமகன் வீட்டுப் பத்திரிகையில் மணமகன் பெயர் முந்தும். பெண் வீட்டார் தம் மகள் பெயரை முதலில் போடுவதும் உண்டு. பட்டங்களைப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் போட்டால் போதும்.

வீட்டில் இன்னும் மணமாகாத பிள்ளைகள் இருந்தால் 'திருவளர்செல்வன்' என்றும், அந்த வீட்டின் கடைசித் திருமணம் என்றால் 'திருநிறைசெல்வன்' என்றும் எழுதுவது மரபு. பெண்ணுக்குச் 'செல்வி' என முடியும். இவை வினைத்தொகை ஆதலால் நடுவில் 'ச்' வராது. அச்சகங்கள் பழக்கத்தில் 'திருவளர்ச்செல்வன்' என்றே கோத்துவிடுகின்றன. மெய்ப்புப் பார்க்கும்போது அந்த 'ச்'சை நீங்கள்தான் நீக்க வேண்டும்.

மிகவும் தடுமாற்றம் தருவது தந்தை காலமாகியிருக்கும் இடம். 'அமரர் இன்னார் - திருமதி இன்னார் அவர்களின் மகன்' என்று மணமகன் பெயரோடு தந்தை பெயரைச் சேர்க்கலாம். ஆனால் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழ் அவர் பெயர் வரக்கூடாது, அழைப்பவர் உயிரோடிருப்பவரே. அங்கே தாயார் பெயரையோ, அவர் விரும்பினால் பெரியப்பா அல்லது தாய்மாமன் பெயரையோ போடலாம். போன மாதம் ஒரு வீட்டில் பழைய பத்திரிகையைப் பார்த்து எழுதியதில், மறைந்த தாத்தாவே வரவேற்பதாக அச்சாகி, 500 பத்திரிகையும் வீணானது.